எந்த லிஸ்டிங்கை முதலில் சரிசெய்வது: விசிட்டையும் விற்பனையையும் சேர்த்துப் போடும் கணக்கு

கேள்வி: ஆன்லைன்ல 80 பொருள் போட்டிருக்கேன். பாதி சரியா ஓடல. சிலதுக்கு ஆளே வர்றதில்ல, சிலதுக்கு நிறைய பேர் வந்து பார்த்துட்டு வாங்காமப் போறாங்க. வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம்தான் இதுக்கு ஒதுக்க முடியும். எதை முதல்ல சரி பண்றது?

பதில்:

ஒவ்வொரு லிஸ்டிங்கும் உங்களுக்கு எத்தனை ஆர்டரைத் தவறவிடுகிறது என்று கணக்கிட்டு, அதை ஒரு ஆர்டரில் நிற்கும் லாபத்தால் பெருக்கி, சரிசெய்ய ஆகும் மணி நேரத்தால் வகுத்து, வரும் எண்ணின் வரிசையில் வேலையைத் தொடங்குங்கள். வந்தவர்களில் வாங்கியவர்களின் விகிதம் மோசமாக இருப்பதையோ ஆர்டர் குறைவாக இருப்பதையோ முதலில் எடுத்தால், பெரும்பாலும் பயன் தராத பக்கத்தில்தான் நேரம் போகும். கணக்கு சின்னதுதான். அதில் போடும் எண்கள் சுத்தமாக இருக்க வேண்டும், விடையை அப்படியே நம்பாமல் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சிரமமான பகுதி அந்த இரண்டும்தான்.

முதலில் எண்களை எடுங்கள். கடைசி 60 நாளுக்கான அறிக்கை போதும். 30 நாள் என்றால் எண்கள் சிறியதாகிவிடும். 90 நாளுக்கு மேல் போனால் பழைய விலையும் பழைய படமும் கலந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் விசிட், ஆர்டர் இரண்டும் கட்டாயம் வேண்டும். சர்ச் பக்கத்தில் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணும் கிடைத்தால் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். அமேசானில் விற்பவர்கள் `Unit Session Percentage` என்று காட்டும் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது வழக்கம். அது விற்ற எண்ணிக்கையை `Sessions`, அதாவது விசிட் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஒருவர் ஒரே ஆர்டரில் நாலு வாங்கினால் அதில் நாலாகவே சேரும். மொத்தமாக வாங்கப்படும் பொருளுக்கு இந்த விகிதம் உண்மையைவிட நன்றாகத் தெரியும். ஆகவே `Total Order Items` என்ற நெடுவரிசையை எடுத்து நீங்களே வகுத்துக்கொள்வது நல்லது.

எண்கள் கைக்கு வந்ததும் சிலவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 60 நாளில் ஒரு வாரத்துக்கு மேல் ஸ்டாக் இல்லாமல் கிடந்த பொருளை எடுத்துவிடுங்கள். ஸ்டாக் இல்லாத நாளிலும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், வாங்க முடியாது, விகிதம் விழும். பக்கத்தில் எந்தக் குறையும் இருக்காது. லிஸ்ட் செய்து ஒரு மாதம்கூட ஆகாததையும், இடையில் விலை பெரிதாக மாறியதையும் அடுத்த சுற்றுக்குத் தள்ளி வையுங்கள். ஒரே பொருளை வேறு சிலரும் விற்கும் தளம் என்றால், வாங்கும் பொத்தான் எவ்வளவு நேரம் உங்கள் பெயரில் இருந்தது என்று பாருங்கள். அமேசானில் அதை `Featured Offer Percentage` என்ற நெடுவரிசை காட்டும். அது பாதியாகக் குறைந்திருந்தால் ஆர்டரும் ஏறக்குறைய பாதியாகத்தான் இருக்கும். நீங்கள் எவ்வளவு நல்ல படம் போட்டாலும் அது திரும்பி வராது.

கலர், சைஸ் என்று பிரித்துப் போட்ட பொருட்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சர்ச்சில் கறுப்புப் பை தெரிகிறது, அதைக் கிளிக் செய்து உள்ளே வருபவர் நீலத்தை எடுத்து வாங்குகிறார். அறிக்கையில் விசிட் கறுப்பின் கணக்கில் நிற்கும், ஆர்டர் நீலத்தின் கணக்கில் விழும். கறுப்பு படுமோசமாகவும் நீலம் அபாரமாகவும் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே பக்கம். ஆகவே கலர், சைஸ் எல்லாவற்றையும் ஒரே தாய் லிஸ்டிங்காகக் கூட்டி அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்து, எதோடு ஒப்பிடுவது? கடை முழுவதற்குமான சராசரி பயன்படாது. மலிவான பொருளை ஆட்கள் பார்த்தவுடன் வாங்குவார்கள். விலை கூடினால் நாலு நாள் யோசித்து, பத்து பக்கம் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டையும் ஒரே கோலால் அளந்தால் விலை கூடிய பொருள் எல்லாம் பலவீனமாகவே தெரியும். ஒரே வகை, ஏறக்குறைய ஒரே விலை என்று பொருட்களைக் குழுவாகப் பிரியுங்கள். ஒன்றின் விலை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு என்றால் அது வேறு குழு. ஒவ்வொரு குழுவிலும் 200 விசிட்டுக்கு மேல் வந்த பக்கங்களை மட்டும் எடுத்து, அவற்றின் விகிதத்தை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை அந்தக் குழுவின் வழக்கமான விகிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆர்டரை மொத்த விசிட்டால் வகுக்காதீர்கள். பெரிய பக்கம் ஒன்று மோசமாக இருந்தால் அது குழுவின் விகிதத்தையே கீழே இழுத்துவிடும், அப்புறம் அதன் குறை கண்ணில் படாது. குழுவில் ஆறேழு பொருள்கூட இல்லை என்றால், அதே பக்கம் இதற்கு முந்தைய 60 நாளில் எப்படி இருந்ததோ அதுதான் ஒப்பிடும் அளவு.

இனி ஒரு குழுவை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேசைக்கும் அறைக்குமான சாமான்கள், அந்தக் குழுவில் ஐந்து பொருளை மட்டும் இங்கே காட்டுகிறேன். குழுவின் வழக்கமான விகிதம் 3 சதவீதம், அதாவது 100 பேர் வந்தால் 3 ஆர்டர். பணத்தை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன், உங்கள் நாணயத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். லாபம் என்பது தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, பேக்கிங், ரிட்டர்ன் நஷ்டம் எல்லாம் போக ஒரு ஆர்டரில் கையில் நிற்பது. இந்தப் பொருட்களும் எண்களும் விளக்கத்துக்காக எடுத்தவை.

| பொருள் | 60 நாள் விசிட் | ஆர்டர் | விகிதம் | ஒரு ஆர்டரின் லாபம் |
|---|---|---|---|---|
| பேனா ஸ்டாண்டு | 40 | 0 | 0% | 90 |
| மேசை விளக்கு | 2400 | 31 | 1.3% | 120 |
| புத்தகத் தாங்கி | 900 | 9 | 1.0% | 60 |
| சுவர்க் கடிகாரம் | 150 | 9 | 6.0% | 150 |
| கேபிள் பெட்டி | 5200 | 140 | 2.7% | 40 |

விகிதத்தை மட்டும் பார்ப்பவர் பேனா ஸ்டாண்டில் கை வைப்பார், ஒரு ஆர்டர்கூட இல்லையே என்று. ஆர்டர் எண்ணிக்கையைப் பார்ப்பவரும் அதையேதான் எடுப்பார். ஆனால் 40 பேர் வந்த பக்கம் 3 சதவீதத்தில் ஓடினால் வந்திருக்க வேண்டியது 1.2 ஆர்டர். அது வரவில்லை, அவ்வளவுதான். நல்ல பக்கமாகவே இருந்தாலும் 40 பேரில் ஒருவரும் வாங்காமல் போவது சாதாரணமாக நடக்கக்கூடியது, ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை அப்படி ஆகும்.

எல்லாப் பக்கத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: வந்த விசிட்டுக்கு எத்தனை ஆர்டர் வந்திருக்க வேண்டும்? விளக்குக்கு 72, தாங்கிக்கு 27, கடிகாரத்துக்கு 4.5, பெட்டிக்கு 156. இதிலிருந்து உண்மையில் வந்ததைக் கழித்தால் தவறிய ஆர்டர் கிடைக்கும். விளக்கில் 41, தாங்கியில் 18, பெட்டியில் 16, ஸ்டாண்டில் 1. கடிகாரம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விற்றிருக்கிறது.

இந்த வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வந்திருக்க வேண்டிய ஆர்டரின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். தவறியது அதைவிட அதிகமாக இருந்தால் தற்செயல் என்று சொல்ல இடமில்லை. விளக்குக்கு 72-இன் வர்க்கமூலம் சுமார் 8.5, இரண்டு மடங்கு 17. தவறியது 41, சந்தேகமே இல்லை. தாங்கிக்கு 27-இன் வர்க்கமூலம் 5.2, இரண்டு மடங்கு 10.4. தவறியது 18, இதுவும் தேறுகிறது. பெட்டிக்கு இரண்டு மடங்கு 25 வருகிறது. தவறியது 16தான், ஆகவே இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்டாண்டு இந்தச் சோதனையில் எழவே இல்லை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இதற்கு மூன்று சூத்திரம் போதும். B-யில் விசிட், C-யில் ஆர்டர், D-யில் லாபம், E-யில் குழுவின் விகிதம், H-இல் வேலைக்கு ஆகும் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்:

```
F2: =B2*E2
G2: =IF(F2-C2>2*SQRT(F2), F2-C2, 0)
I2: =G2*D2*0.5/H2
```

கடைசி வரியில் இருக்கும் 0.5 முக்கியம். பக்கத்தைச் சரிசெய்தவுடன் தவறிய ஆர்டர் முழுவதும் திரும்பி வந்துவிடாது. சில பொருளுக்கே ஈர்ப்பு குறைவு, அதைப் படத்தாலும் எழுத்தாலும் மாற்ற முடியாது. பாதி திரும்பும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பத்துப் பக்கம் சரிசெய்து முடித்த பிறகு உண்மையில் எவ்வளவு திரும்பியது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், அந்த எண்ணை இங்கே போட்டுக்கொள்ளலாம்.

இப்போது விளக்குக்கு 41-இல் பாதியை 120-ஆல் பெருக்கினால் 2460. தாங்கிக்கு 18-இல் பாதி, 60-ஆல் பெருக்கினால் 540. விளக்குக்குப் புதிதாகப் படம் எடுத்து, பக்கத்தையே மாற்றி எழுத ஆறு மணி நேரம் ஆகும் என்றால் மணிக்கு 410. தாங்கிக்கு ஒரு மணி நேர வேலை என்றால் மணிக்கு 540. மொத்தத்தில் விளக்கு பெரியது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது தாங்கி. உங்களிடம் வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம்தான் இருப்பதால், மணி நேரத்தால் வகுப்பதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் விளக்கை வேலைக்கு எடுக்கும் முன் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த 2400 பேர் எங்கிருந்து வந்தார்கள்? விசிட் என்று எழுதியிருப்பவர் எல்லாரும் வாங்க வந்தவர்கள் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அந்த அனுமானம் அடிக்கடி பொய்த்துப்போகும், அதுவும் விசிட் அதிகமாக இருக்கும் பக்கத்தில்தான் பொய்த்துப்போகும்.

விளம்பர அறிக்கையைத் திறந்து, அந்தப் பொருளுக்கு வந்த கிளிக்கையும் ஆர்டரையும் எடுத்து மொத்தத்திலிருந்து கழியுங்கள். விளக்குக்கு விளம்பரத்தில் 1400 கிளிக், 4 ஆர்டர் என்று இருக்கிறது என்று வைப்போம். மீதி 1000 விசிட், 27 ஆர்டர். அதாவது தானாகத் தேடி வந்தவர்களில் 2.7 சதவீதம் பேர் வாங்கியிருக்கிறார்கள். 1000-க்கு எதிர்பார்க்க வேண்டியது 30, வந்தது 27. பக்கத்தில் ஒரு குறையும் இல்லை! விளம்பரத்தில் எந்தத் தேடல் சொல்லுக்கு இது காட்டப்பட்டது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ‘விளக்கு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் காட்டப்பட்டிருக்கும். தோட்டத்து விளக்கு, சைக்கிள் விளக்கு, பல்பு என்று தேடியவர்கள் எல்லாம் உள்ளே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். ஆறு மணி நேரம் உழைத்து அந்தப் பக்கத்துக்குப் புதுப் படம் போட்டிருந்தால் எண் அசைந்திருக்காது.

இங்கே செய்ய வேண்டியது விளம்பரத்தில்தான். ஒரு கிளிக்குக்கு 1 என்று செலவானால் 1400 போயிருக்கிறது, 4 ஆர்டரில் வந்தது 480. 60 நாளில் 920 நஷ்டம். பொருந்தாத தேடல் சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து, ‘மேசை விளக்கு’, ‘படிக்கும் விளக்கு’ போன்ற குறிப்பான சொற்களை மட்டும் வைத்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் இதுதான் முழுப் பட்டியலிலும் முதல் வேலை, ஆனால் நினைத்த காரணத்துக்காக இல்லை. விளம்பர அறிக்கையின் எண்கள் இந்த அளவுக்குத் துல்லியமாகக் கழியாது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு முறை கிளிக் செய்தால் கிளிக் இரண்டு, விசிட் ஒன்று. விளம்பரத்தைக் கிளிக் செய்தவர் உங்கள் வேறு பொருளை வாங்கியதும் சில அறிக்கையில் இந்த ஆர்டராகவே சேர்ந்திருக்கும். ஆனால் 2.7-க்கும் 0.3-க்கும் இடையே இருக்கும் இடைவெளியை அந்தச் சிறு பிழை மறைக்காது.

சமூக ஊடகத்தில் ஒரு படம் பரவி அதிலிருந்து கூட்டம் வந்திருந்தாலும் இதே கதைதான். அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை என்றால், அந்த சில நாட்களை அறிக்கையிலிருந்தே விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தாங்கிக்கு வருவோம். விளம்பரம் இல்லை, வந்த 900 பேரும் தேடி வந்தவர்கள். அவர்களில் 9 பேர்தான் வாங்கியிருக்கிறார்கள், ஆகவே குறை பக்கத்திலோ பொருளிலோ இருக்கிறது. எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று பிரித்தறிய, கார்ட்டில் போட்டவர் எண்ணிக்கை கிடைத்தால் பாருங்கள். மற்ற பக்கங்களைப் போலவே கார்ட்டில் போட்டுவிட்டுக் கடைசியில் வாங்காமல் போகிறார்கள் என்றால், அனுப்பும் கட்டணமோ டெலிவரி தேதியோ கடைசிப் படியில் தெரியவந்து அவர்களைத் திருப்பியிருக்கிறது. கார்ட்டிலேயே போடவில்லை என்றால் பக்கம் அவர்களுடைய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி என்ன என்பதை யூகிக்க வேண்டியதில்லை. வாங்குபவர் கேட்ட கேள்விகள், ரிட்டர்னுக்குச் சொன்ன காரணங்கள், மூன்று நட்சத்திர ரிவியூக்கள் இந்த மூன்றையும் வரிசையாகப் படியுங்கள். மூன்று நட்சத்திரம் கொடுப்பவர் பெரும்பாலும் நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுவார், அதனால் அங்கேதான் தகவல் அதிகம். தாங்கிக்கு மூன்று பேர் வெவ்வேறு சொற்களில் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று வைப்போம்: எவ்வளவு தடிமனான புத்தகம் நிற்கும்? பக்கத்தில் நீளம், அகலம் இருக்கிறது, புத்தகம் உட்காரும் இடத்தின் ஆழம் இல்லை. அப்படியானால் வேலை ஒரு மணி நேரம்தான். தடிமனான புத்தகம் ஒன்றை வைத்து, பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து இரண்டாவது படமாகப் போடுங்கள். முதல் வரியிலேயே அந்த அளவை எழுதுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். தலைப்பு, விலை, முதல் படம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாது, இறங்கினாலும் தெரியாது.

கேபிள் பெட்டி குழுவோடு ஒப்பிட்டபோது தப்பித்துவிட்டது. ஆனால் அதிகம் விற்கும் பக்கத்தைக் குழுவோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது, அதன் பழைய நிலையோடும் ஒப்பிட வேண்டும். முந்தைய 60 நாளில் அதன் விகிதம் 3.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி 5200 விசிட்டுக்கு 172 ஆர்டர் வந்திருக்க வேண்டும். வந்தது 140. 172-இன் வர்க்கமூலம் 13, இரண்டு மடங்கு 26, தவறியது 32. ஆக இது உண்மையான சரிவு. 32-இல் பாதியை 40-ஆல் பெருக்கினால் 640. ஆர்டருக்கு லாபம் குறைவுதான், ஆனால் கூட்டம் பெரிதாக இருப்பதால் சின்னச் சரிவுகூட தாங்கியின் முழுக் குறையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கம் சரிந்தால் படத்தையும் எழுத்தையும் சந்தேகிக்காதீர்கள், அவைதானே முன்பும் இருந்தன. மாறியது எது என்று தேடுங்கள். பக்கத்து விற்பனையாளர் விலையைக் குறைத்தாரா? அண்மையில் வந்த ஒற்றை நட்சத்திர ரிவியூ மேலே வந்து நிற்கிறதா? உங்கள் பக்கத்தில் காட்டும் டெலிவரி தேதி தள்ளிப்போயிருக்கிறதா? இந்த மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆர்டரைத் தயார் செய்ய 1 நாள் என்று இருந்த அமைப்பை விடுமுறைக்காக 4 நாளாக மாற்றியிருப்பார்கள், திரும்ப மாற்ற மறந்திருப்பார்கள். வாங்குபவருக்கு அது மூன்று நாள் தாமதமாகத் தெரியும். உண்மையில் ஒரு நாளில் அனுப்ப முடியும் என்றால் அதைத் திருத்துங்கள். தேடிக் கண்டுபிடித்துத் திருத்த ஒரு மணி நேரம் ஆகட்டும், மணிக்கு 640. அனுப்ப முடியாது என்றால் தேதியைக் குறைத்துக் காட்டாதீர்கள், தாமதமான ஆர்டர்கள் கணக்கின் தரத்தையே பாதிக்கும்.

ரிவியூவில் காரணம் இருந்தால், உதாரணமாக ‘மூடி சரியாக மூடவில்லை’ என்று அடுத்தடுத்து இருவர் எழுதியிருந்தால், அது லிஸ்டிங் வேலையே இல்லை. ஸ்டாக்கில் இருக்கும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள், புதிதாக வந்த லாட்டில்தான் குறை இருக்கக்கூடும்.

கடிகாரம் எதிர்த் திசையில் இருக்கிறது. வந்த 150 பேரில் 9 பேர் வாங்கியிருக்கிறார்கள், பக்கத்தில் கை வைக்கவே கூடாது. குறை ஆள் வராததுதான். ஏன் வரவில்லை என்பதற்குத்தான் சர்ச்சில் காட்டப்பட்ட எண்ணிக்கை வேண்டும் என்று முன்பே சொன்னேன். 60 நாளில் 14,000 முறை காட்டப்பட்டு 150 பேர் கிளிக் செய்தார்கள் என்றால், 100-க்கு ஒன்று. குழுவில் 100 முறை காட்டினால் 2.5 கிளிக் வருவது வழக்கம் என்றால் 350 பேர் வந்திருக்க வேண்டும். தவறியது 200 விசிட்.

இதையும் ஆர்டராக மாற்றினால்தான் மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைக்க முடியும். இந்த 200 பேரும் 6 சதவீதத்தில் வாங்குவார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 9 ஆர்டரை வைத்துச் சொல்லும் 6 சதவீதம் உறுதியானதல்ல, புதிதாக வருபவர்கள் முன்பு வந்தவர்கள் அளவுக்கு ஆர்வமாக இருக்கவும் மாட்டார்கள். குழுவின் 3 சதவீதத்தையே போடுங்கள். 6 ஆர்டர், 150 லாபம், 900. பாதி 450. இரண்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 225.

வேலை என்ன? கிளிக் செய்யும் முன் வாங்குபவர் பார்ப்பது சிறிய படம், தலைப்பின் முதல் சில சொற்கள், விலை, நட்சத்திரம் இவ்வளவுதான். போனில் ‘சுவர்க் கடிகாரம்’ என்று தேடி, மற்ற கடிகாரங்களுக்கு நடுவே உங்களுடையது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். வெள்ளைக் கடிகாரத்தை வெள்ளைப் பின்னணியில், சட்டகத்தில் பாதி இடம் மட்டுமே நிரப்பி எடுத்திருந்தால் கட்டைவிரல் அளவில் அது காணாமலே போய்விடும். சில தளங்களில் முதல் படத்துக்கு வெள்ளைப் பின்னணி கட்டாயம் என்பதால் பின்னணியை மாற்ற முடியாது. ஆனால் பொருள் சட்டகத்தை நிரப்பும்படி வெட்டலாம், விளிம்பில் நிழல் விழும்படி வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து கொடுத்து எடுக்கலாம். காட்டப்பட்டதே வெறும் 2000 முறைதான் என்றால் விஷயம் வேறு. அப்போது படம் காரணமில்லை. வகை தவறாகத் தேர்ந்திருக்கலாம், அல்லது ஆட்கள் தேடும் சொல் தலைப்பிலும் பண்புப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம்.

ஆக வரிசை இப்படி நிற்கிறது. முதலில் விளக்கின் விளம்பரம், அரை மணி நேரம். அடுத்து கேபிள் பெட்டி, ஒரு மணி நேரம். அதன்பின் தாங்கி, ஒரு மணி நேரம். பிறகு கடிகாரம், இரண்டு மணி நேரம். மொத்தம் நாலரை மணி நேரம், உங்கள் ஒரு வாரம். வேறு வேறு பக்கம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றலாம். ஒரே பக்கத்தில் இரண்டு மாற்றம்தான் கூடாது. மாற்றிய தேதியையும் மாற்றியது என்ன என்பதையும் அதே ஷீட்டில் எழுதி வையுங்கள், ஒரு மாதம் கழித்து நினைவில் இருக்காது.

பேனா ஸ்டாண்டு வரிசையிலேயே இல்லை. 60 நாளில் 40 பேர் வரும் பக்கத்தில் எதை மாற்றினாலும், அது வேலை செய்ததா என்று தெரிய ஒரு வருடம்கூடப் போதாமல் போகலாம். உங்கள் 80-இல் இப்படிப்பட்டவை நிறைய இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செதுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான வேலையை, அதாவது காலியாக இருக்கும் பண்புகளை நிரப்புவது, தலைப்பில் தேடும் சொல்லை முன்னே கொண்டுவருவது போன்றவற்றை, மொத்தமாக ஒரு ஃபைலில் மாற்றி ஏற்றுங்கள். ஒரே மாதிரிப் பொருட்கள் தனித்தனிப் பக்கமாகச் சிதறிக் கிடந்தால், தளம் அனுமதித்தால் ஒரே லிஸ்டிங்கின் வகைகளாகச் சேர்த்துவிடுங்கள். அதற்கும் அசையாததை, ஸ்டாக் தீர்ந்ததும் எடுத்துவிடுவதுதான் என் கருத்தில் சரி.

மாற்றிய பிறகு எப்போது பார்ப்பது? தாங்கிக்கு நாளுக்கு 15 பேர் வருகிறார்கள், 30 நாளில் 450 பேர். பழைய 1 சதவீதத்தில் அதற்கு 4.5 ஆர்டர் வரும். 4.5-இன் வர்க்கமூலம் சுமார் 2.1, இரண்டு மடங்கு 4.2. கூட்டினால் 8.7. ஆகவே 30 நாளில் 9 ஆர்டரோ அதற்கு மேலோ வந்தால் அளவுப் படம் வேலை செய்தது என்று நம்பலாம். முதல் வாரத்தில் 3 வந்ததைப் பார்த்து மகிழ்ந்து அதே மாற்றத்தை எல்லாப் பக்கத்திலும் செய்யாதீர்கள், ஒன்றும் வரவில்லை என்று பழையபடி மாற்றவும் செய்யாதீர்கள். பெட்டிக்கு நாளுக்கு 85 பேருக்கு மேல் வருவதால் விடை சீக்கிரம் தெரியும். 3 வாரத்தில் 1800 பேர், 2.7 சதவீதத்தில் 49 ஆர்டர். 63 வந்தால் சரிவு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். 3.3-க்குத் திரும்பியிருந்தாலும் சுமார் 60 வருவதுதான் வழக்கம் என்பதால், 55-க்கும் 62-க்கும் நடுவே நின்றால் இன்னும் 3 வாரம் பொறுங்கள்.

படுமோசமான 60 நாளைப் பார்த்துத்தான் இந்தப் பக்கங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதால், அவற்றில் சில எதுவும் செய்யாமலே கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தை உங்கள் மாற்றத்தின் பலனாக எண்ணிவிடாமல் இருக்க, சோதனையில் தேறிய பக்கங்களில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே தொடாமல் விட்டு வையுங்கள். அவையும் அதே அளவுக்கு ஏறியிருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் சீசனாகவோ தளத்தின் தள்ளுபடி நாட்களாகவோ இருக்கும். இரண்டு மாதம் கழித்துப் புதிய 60 நாள் அறிக்கையை எடுத்து, குழுவின் விகிதத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, வரிசையை மறுபடி போடுங்கள். இந்த முறை விளக்கு அந்த வரிசையில் வராது.